தேதியைத் திருத்தும் கை

கோவையின் நடுத்தரப் பம்ப் செட் கம்பெனி ஒன்றில் திங்கட்கிழமை காலை பர்ச்சேஸ் மீட்டிங் தொடங்குவதற்கு முன்பே எல்லோர் கையிலும் ஒரு தாள் இருக்கும். இடப்பக்கம் சப்ளையர்களின் பெயர்கள். வலப்பக்கம் ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு சதவீதம். போன வாரம் சொன்ன தேதிக்குச் சரக்கு கொடுத்தது எவ்வளவு என்று அது சொல்லும். தொண்ணூறுக்கு மேலே இருந்தால் பச்சை, எழுபத்தைந்துக்குக் கீழே போனால் சிவப்பு, இடைப்பட்டது மஞ்சள். சிவப்பில் இருப்பவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவார்கள். பச்சையில் இருப்பவரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

பர்ச்சேஸிலும், பிறகு அதற்குக் கணக்கெடுத்துக் கொடுக்கும் வேலையிலும் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தத் தாளில் சப்ளையரின் கையெழுத்து எங்கேயும் இல்லை. சரக்கு என்றைக்கு வர வேண்டும் என்ற தேதியைப் பர்ச்சேஸ் ஆர்டரில் தட்டச்சு செய்வது நாம். என்றைக்கு வந்தது என்ற தேதியை ஜி.ஆர்.என். போடும்போது பதிவதும் நாம். நடுவில் முதல் தேதியை மாற்றும் உரிமையும் நம்மிடமே இருக்கிறது. இரண்டு தேதிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து அடுத்தவருக்கு மதிப்பெண் போடுகிறோம்.

இது எப்படிப் போய் முடியும் என்பதை ஒரு ஃபவுண்டரியின் ஒரே ஒரு வாரத்தை எடுத்துப் பார்த்தால் தெரியும். கணக்கு கண்ணுக்கு அடங்க வேண்டும் என்பதற்காக எண்களைச் சின்னதாக்கியிருக்கிறேன். நடக்கும் முறை இதுதான்.

அந்த ஃபவுண்டரி நமக்கு மோனோபிளாக் பம்பின் கேசிங்கும் இம்பெல்லரும் ஊற்றிக் கொடுக்கிறது. பேட்டர்ன் ஏற்கெனவே இருக்கிற வழக்கமான அயிட்டம்தான். ஆனாலும் மோல்டு கட்டி, கோர் வைத்து, உருக்கி ஊற்றி, ஆறவிட்டுத் தட்டியெடுத்து, ஃபெட்லிங் முடித்து, ஷாட் பிளாஸ்ட் அடித்து, பிரைமர் பூசி லாரியில் ஏற்ற அவர்களுக்கு மூன்று வாரம் வேண்டும். திங்கட்கிழமைத் தாளில் அவர்களுக்கு எதிரே 86 என்று பச்சைக்குப் பக்கத்து மஞ்சள். போன வாரம் வந்த பி.ஓ. வரிகள் 14. அவற்றில் 12 தேதிக்குள் வந்தவை, 2 தாமதம். மேனேஜர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அதே நேரத்தில் கீழே அசெம்பிளியில் இம்பெல்லர் இல்லாமல் ஒரு லைன் நின்றுகொண்டிருந்தது.

தாளைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் அந்த இரண்டு தாமத வரிகள். இரண்டுமே செவ்வாய்க்கிழமை வர வேண்டியவை. லாரி செவ்வாய் மாலை ஐந்தரை மணிக்கே கேட்டுக்குள் வந்துவிட்டது. செக்யூரிட்டியின் நோட்டில் வண்டி எண், டி.சி. எண், நேரம் மூன்றும் இருக்கின்றன. எடை மேடைச் சீட்டிலும் அதே நாள்தான். ஆனால் ஸ்டோர்ஸில் அந்நேரம் இறக்க ஆள் இல்லை. புதன்கிழமை இறக்கினார்கள். க்யூ.சி. பார்த்துக் கையெழுத்துப் போட்டு ஜி.ஆர்.என். போட்டது வியாழக்கிழமை. எஸ்.ஏ.பி.யில் இந்தச் சரக்கின் வரவுத் தேதி `EKBE` அட்டவணையின் `BUDAT` என்ற கட்டத்தில் இருக்கிறது, அங்கே நிற்பது வியாழன். அறிக்கை அதைத்தான் படிக்கிறது. ஆக, ஃபவுண்டரிக்கு விழுந்த இரண்டு குறையும் நம் ஸ்டோர்ஸின் குறை.

தொழிற்சாலையிலேயே நம்பகமான தரவு எது என்று கேட்டால் செக்யூரிட்டியின் கேட் நோட்டு என்றுதான் சொல்வேன். அதில் பொய் எழுத யாருக்கும் காரணமில்லை. அந்த நோட்டை வைத்து யாருக்கும் இன்க்ரிமென்ட் போடுவதும் இல்லை, வெட்டுவதும் இல்லை. லாரி வந்தால் எழுதுகிறார்கள், போனால் எழுதுகிறார்கள். அந்த நேரத்தைக் கணினியில் ஏற்றி ஜி.ஆர்.என்.னோடு இணைத்துவிட்டால் இந்தக் குழப்பம் அன்றைக்கே தீர்ந்துவிடும். பல இடங்களில் செய்வதில்லை. செய்தால் ஸ்டோர்ஸ் எத்தனை நாள் தாமதம் என்று தனியாக ஒரு கணக்கு வெளியே வந்துவிடும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி, தேதிக்குள் வந்ததாகத் தாள் சொன்ன 12 வரிகள். இவற்றில் 6 மட்டும்தான் முதலில் ஒப்புக்கொண்ட தேதிக்கு வந்தவை. மற்ற 6 வரிகளிலும் தேதி திருத்தப்பட்டிருக்கிறது. அதில் 4 வரிகள் இந்த வாரத்தைச் சேர்ந்தவையே அல்ல. அதற்கு முந்தைய வாரங்களில் வந்திருக்க வேண்டியவை. வராததால் தேதியைத் தள்ளித் தள்ளி வைத்து, கடைசியில் இந்த வாரத் தேதியில் வந்து சேர்ந்திருக்கின்றன. இன்னும் 2 வரிகள் இந்த வாரத்தின் முற்பாதிக்குச் சொன்னவை, பிற்பாதிக்கு நகர்த்தப்பட்டவை. நகர்த்திய தேதிக்கு வந்துவிட்டதால் ஆறுமே பச்சை.

திருத்தியவரைத் திருடன் என்று நினைத்துவிடக் கூடாது. தினமும் நடக்கிற பேச்சு இதுதான்.

“ஏனுங்கண்ணா, இன்னைக்கு வரவேண்டிய காஸ்டிங் என்னாச்சுங்க?”

“கரன்ட் பிரச்சனைங்க தம்பி, ரெண்டு ஹீட் போச்சு. வெள்ளிக்கிழமை கண்டிப்பா ஏத்தீர்றனுங்க.”

“வெள்ளின்னே போட்டுக்கட்டுங்களா?”

“போட்டுக்கங்க.”

போனை வைத்த கையோடு அந்தப் பையன் பி.ஓ.வைத் திறந்து வெள்ளிக்கிழமை என்று மாற்றுகிறான். அவன் செய்தது சரி. மாற்றாமல் விட்டால்தான் தப்பு. கடந்துபோன தேதி அப்படியே நின்றால், எம்.ஆர்.பி. ஓடும்போது அந்தச் சரக்கு எந்நேரமும் கையில் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டு மேலே திட்டம் போடும். அதை நம்பி அசெம்பிளிக்கு ஆளைப் போட்டுவிட்டுக் காலையில் எல்லோரும் சும்மா நிற்பார்கள். உற்பத்தித் திட்டத்துக்கு வேண்டியது சரக்கு உண்மையில் எப்போது வரும் என்ற தகவல். முன்பு என்ன சொன்னார்கள் என்பது அதற்குத் தேவையில்லை.

ஆனால் அளவீட்டுக்கு முன்பு சொன்னதுதான் தேவை. இரண்டுக்கும் ஒரே கட்டத்தைக் கொடுத்ததில்தான் சிக்கல். ஒன்று வாக்கின் நினைவு, மற்றொன்று வரவின் ஊகம். புதிய ஊகத்தை எழுதும்போது பழைய வாக்கு அழிந்துபோகிறது. ஒவ்வொரு நாளும் நேர்மையாக வேலை செய்கிற ஒருவனே, தன்னை அறியாமல், வாரக் கடைசியில் ஒரு பொய்யான சதவீதத்தைச் செய்து முடிக்கிறான்.

எஸ்.ஏ.பி.யைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. பி.ஓ. வரியின் டெலிவரி விவரம் நிற்கிற `EKET` அட்டவணையில் இரண்டு தேதிகள் உண்டு. `EINDT` என்பது நடப்புத் தேதி, திட்டத்துக்கானது. `SLFDT` என்பது புள்ளிவிவரத்துக்கென்றே தனியாக வைத்த தேதி. முன்னதை மாற்றிக்கொண்டே இருக்கலாம், பின்னது முதல் வாக்காக நிற்க வேண்டும். இந்தச் சின்ன ஏற்பாடு இருப்பதே பல பர்ச்சேஸ் ஆட்களுக்குத் தெரியாது. தெரிந்த சிலர் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுகிறார்கள், ஏனென்றால் அந்தக் கட்டமும் பூட்டப்பட்டதல்ல. அப்போதும் முழுதாக அழிந்துவிடாது. யார், எந்த நாள், எதை எதுவாக மாற்றினார் என்பது `CDHDR`, `CDPOS` என்ற மாற்றப் பதிவுகளில் கிடக்கும். தோண்டி எடுக்க மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான். எக்செல்லில் ஆர்டர் போடுகிற சின்னக் கம்பெனிக்கு அந்த வசதியும் கிடையாது. அங்கே மாற்றினால் மாற்றியதுதான்.

இன்னும் 2 வரிகள் பாக்கி. அசெம்பிளியை நிறுத்திய இம்பெல்லர் இதில்தான் இருக்கிறது. இந்த வாரம் வர வேண்டியவை, வரவே இல்லை, தேதி அடுத்த வாரத்துக்குப் போய்விட்டது. தாளில் இந்த இரண்டையும் தேடினால் கிடைக்காது. தாமதம் என்ற பட்டியலில்கூட இல்லை. காரணம், அறிக்கை இந்த வாரம் வந்த சரக்கை மட்டும் எண்ணுகிறது. வராத சரக்குக்கு ஜி.ஆர்.என். ஏது? ஜி.ஆர்.என். இல்லாத வரி கணக்கில் ஏது?

எல்லாக் கோளாறுகளிலும் இதுதான் பெரியது என்பது என் எண்ணம். தேதியை யாருமே திருத்தாத கம்பெனியிலும் இது இருக்கும். ஒரு சப்ளையர் நான்கு வரியில் ஒன்றை மட்டும் நேரத்துக்குக் கொடுத்து, மூன்றைக் கொடுக்காமலே விட்டால் அவருக்கு நூற்றுக்கு நூறு. கொஞ்சம் தாமதமாகவாவது கொடுத்தவருக்குச் சிவப்பு. கொடுக்காதவன் தப்பித்துக்கொள்கிற தேர்வு இது. அறிக்கையை எடுக்கும் க்வெரியின் ஒரே வரியில் இந்த வித்தியாசம் அடங்கியிருக்கிறது:

```sql
-- வந்ததை எண்ணுவது
WHERE gr_date BETWEEN :mon AND :sat

-- வர வேண்டியதை எண்ணுவது
WHERE first_promise BETWEEN :mon AND :sat
```

இரண்டாவது வரியைப் போட்டு அதே வாரத்தைத் திரும்ப எண்ணுவோம். முதல் வாக்குப்படி இந்த வாரம் வர வேண்டியவை 12 வரிகள். கேட் நேரப்படி தேதிக்குள் வந்தவை 8. அந்த ஆறும், ஸ்டோர்ஸ் தாமதத்தில் மாட்டிய இரண்டும். வாரத்துக்குள் வந்தாலும் தாமதமாக வந்தவை 2. வராதவை 2. எட்டின் கீழ் பன்னிரண்டு, 67 சதவீதம். முந்தைய வாரங்களின் 4 வரிகள் அந்தந்த வாரத்தின் கணக்கில் ஏற்கெனவே தாமதமாக விழுந்திருக்க வேண்டியவை, இங்கே அவற்றுக்கு இடமில்லை.

86 எங்கே, 67 எங்கே என்பதைவிட எனக்கு வேறொன்று உறுத்துகிறது. தாள் தாமதம் என்று சொன்ன இரண்டும் நேரத்துக்கு வந்தவை. உண்மையிலேயே தாமதமான ஆறும் நேரத்துக்கு வந்தவை என்று தாளில் இருக்கின்றன. வராத இரண்டும் இல்லவே இல்லை. எண் சற்றுக் கூடக் குறைய இருந்தால் மன்னிக்கலாம். இங்கே எந்த வரியைப் பற்றிக் கோபப்பட வேண்டுமோ அது மறைந்து, கோபப்படக் கூடாத வரி முன்னால் வந்து நிற்கிறது. ஃபவுண்டரிக்காரரைக் கூப்பிட்டு அந்த இரண்டு வரிகளைக் காட்டிக் கேட்டால் அவர் டி.சி. நகலை எடுத்துப் போடுவார். அதோடு அந்தத் தாளின் மேல் அவருக்கிருந்த மரியாதை போய்விடும்.

கணக்கைச் சரிசெய்யப் போகும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேதி நகர்ந்ததெல்லாம் சப்ளையர் குற்றமல்ல. மழை சீக்கிரம் பிடித்துக்கொண்டது, பம்ப் விற்பனை படுத்துவிட்டது, “சரக்கை அடுத்த வாரம் அனுப்புங்க, வைக்க இடமில்லை” என்று நாமே சொல்லியிருப்போம். அப்போது வாக்கே மாறிவிட்டது, முதல் வாக்கையும் சேர்த்து மாற்றுவதுதான் நியாயம். எனவே தேதியை மாற்றும்போது காரணம் கேட்க வேண்டும், அதுவும் இரண்டே காரணம்: நாம் கேட்டோம், அல்லது அவர் கேட்டார். இதற்குப் பதினைந்து காரணக் குறியீடு போட்டுக் கொடுத்த இடங்களைப் பார்த்திருக்கிறேன். மாதக் கடைசியில் எடுத்துப் பார்த்தால் முக்கால்வாசி வரிகளில் “மற்றவை” என்றே இருக்கும்.

அதேபோல முதல் தேதி என்று எதைச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். மூன்று வாரம் வேண்டிய காஸ்டிங்குக்கு ஆறு நாளில் வேண்டும் என்று பி.ஓ. போடுகிற வழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. அது நம் ஆசை. அவர் ஒப்புக்கொண்டு சொன்ன தேதிதான் வாக்கு. ஆசைக்கும் வாக்குக்கும் இடையிலுள்ள நாட்களைத் தாமதம் என்று எழுதினால் நம் திட்டமிடலின் குறையை அவர் கணக்கில் எழுதுகிறோம் என்று பொருள்.

பகுதி பகுதியாக வரும் சரக்கைப் பற்றி நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். 500 கேட்டதற்கு 400 செவ்வாயன்று, 100 சனியன்று வந்தால் ஒரு பி.ஓ. வரிக்கு இரண்டு ஜி.ஆர்.என். இரண்டு அட்டவணையையும் யோசிக்காமல் இணைத்தால் அது இரண்டு வரியாக எண்ணப்படும், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. துண்டு துண்டாக அனுப்புகிறவருக்கு எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். முதலில் வரியின் மொத்த வரவைக் கூட்டி, கேட்ட அளவை எட்டிய நாள் எது என்று பார்த்த பிறகே இணைக்க வேண்டும். முழு அளவையும் சேர்த்துக் கேட்கிற கணக்கு உலகத்தில் புதிதல்ல. வால்மார்ட் 2017இல் நேரத்துக்கு, முழுதாக என்ற இரண்டையும் சேர்த்து அளந்து, தவறிய சரக்கின் மதிப்பில் 3 சதவீதம் அபராதம் என்று தன் சப்ளையர்களுக்குச் சட்டம் போட்டது. நம் ஊர் ஃபவுண்டரிக்கு 3 சதவீதம் என்பது சில மாதங்களில் அவருடைய மொத்த லாபமாகவே இருக்கும். அதை அப்படியே இங்கே கொண்டுவர நினைக்கிறவர்களுக்காகச் சொன்னேன்.

வாராவாரம் அனுப்புவது என்ற ஏற்பாட்டையும் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. ஒரு வாரத்தில் இரண்டே வரி கொடுக்கிற ரப்பர் சீல்காரருக்கு 0, 50, 100 என்று மூன்றே எண்கள்தான் சாத்தியம். அவர் போன வாரம் பச்சை, இந்த வாரம் சிவப்பு என்றால் அவரிடம் எதுவும் மாறியிருக்க வேண்டியதில்லை. ஃபவுண்டரியின் பன்னிரண்டு வரியும் பன்னிரண்டு தனித்தனிச் சம்பவங்கள் அல்ல. ஒரே லாரியில் மூன்று வரியின் சரக்கு வரும். அந்த லாரி நீலாம்பூர் பைபாஸில் பஞ்சராகி நின்றால் மூன்று வரி ஒன்றாகச் சிவக்கும், சதவீதம் 25 புள்ளி இறங்கும். மீட்டிங்கில் அதற்கு ஒரு கதை கட்டுவார்கள். அடுத்த வாரம் தானே ஏறும். ஏறியதற்கு, போன வாரம் நாம் போட்ட சத்தம்தான் காரணம் என்று இன்னொரு கதை.

இதற்காக வாராந்திர அறிக்கையை நிறுத்த வேண்டியதில்லை. சதவீதத்தை மட்டும் எழுதாமல் 8/12 என்று எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதினால் படிக்கிறவருக்கே அளவு புரிந்துவிடும். அதற்குக் கீழே கடந்த 13 வாரங்களைச் சேர்த்த விகிதத்தைப் போடலாம், ஒரு காலாண்டு. நிறம் தீட்ட வேண்டுமென்றால் அதற்குத் தீட்டலாம். வாரத்துக்கென்று உண்மையாகவே பயன்படுகிற பகுதி வேறு: இன்னும் வராத வரிகளின் பட்டியல், ஒவ்வொன்றும் முதல் வாக்கிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று, எத்தனை முறை தேதி மாறியது. போனை எடுத்து யாரிடம் என்ன கேட்பது என்பதை அந்தப் பட்டியல்தான் சொல்லும். மூன்று முறை தேதி மாறிய வரியைக் கண்ணால் பார்த்தால், நான்காவது வெள்ளிக்கிழமையை நம்பி அசெம்பிளிக்கு ஆள் போட மாட்டார்கள்.

இவ்வளவும் சொன்னால் தலையாட்டுவார்கள், செய்ய மாட்டார்கள். தொழில்நுட்பம் இதில் தடையல்ல. சப்ளையரின் இந்தச் சதவீதம் பர்ச்சேஸ் மேனேஜரின் வருடாந்திர மதிப்பீட்டிலும் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறது. 86 காட்டிக்கொண்டிருந்தவர் ஒரு திங்கட்கிழமை திடீரென்று 67 காட்டினால் மேலே இருப்பவர்கள், கணக்கு சரியாகியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ள மாட்டார்கள். வேலை கெட்டுவிட்டது என்பார்கள். தேதியைத் திருத்துகிற கையும், அந்தத் தேதியால் மதிப்பிடப்படுகிற ஆளும் ஒரே துறையில் இருக்கிற வரை இது இப்படித்தான் இருக்கும். முதல் வாக்கின் தேதியைப் பூட்டிச் சாவியைப் பர்ச்சேஸுக்கு வெளியே, ஃபைனான்ஸிடமோ திட்டப் பிரிவிடமோ கொடுப்பதுதான் வழி. முதல் காலாண்டில் விழுகிற எண்ணை யாரும் யார் மேலும் சுமத்துவதில்லை என்று முதலாளி முன்கூட்டியே சொல்லிவிடவும் வேண்டும்.

நாம் வாக்குக் கொடுத்த தேதிகளும் இருக்கின்றனவே, பில்லுக்குப் பணம் தருகிற தேதிகள்? குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கினால் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். மீறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் 1 முதல், உரிய நாள் தாண்டி, நிதியாண்டு முடிந்தும் கொடுக்காமல் நிற்கிற தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்கவும் முடியாது. நாள் எண்ணத் தொடங்குவது சரக்கைக் கொண்டுவந்து கொடுத்த நாளிலிருந்து. பதினைந்து நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லியிருந்தால் மட்டும் அது தீர்ந்த நாளிலிருந்து. நாம் ஜி.ஆர்.என். போட்ட நாள் என்று அங்கே இல்லை. ஆக, செவ்வாய் மாலை கேட்டுக்குள் வந்த அந்த லாரியை வியாழக்கிழமை வந்ததாக எழுதியபோது, மதிப்பெண்ணோடு பணத்திலும் இரண்டு நாளைப் பிடித்துக்கொண்டோம்.

ஃபவுண்டரிக்காரரிடம் தாமதத்துக்குக் காரணம் கேட்டால் முதலில் கரன்ட் என்பார், ஆள் இல்லை என்பார். கொஞ்சம் பழகிய பிறகுதான் பிக் அயர்னும் ஸ்கிராப்பும் ரொக்கத்துக்கு வாங்க வேண்டியிருக்கிறது, நம் பில் இன்னும் வரவில்லை என்பார். அவர் தாமதத்துக்கும் நம் தாமதத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டாம். இரண்டு தேதியும் ஒரே கணினியில்தான் இருக்கின்றன, பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால் தெரிந்துவிடும்.

பர்ச்சேஸில் இருக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த திங்கட்கிழமைத் தாளை உள்ளுக்குள் சுற்றவிடுவதோடு நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு சப்ளையருக்கும் அவருடைய வரிகளை மட்டும், முதல் வாக்குத் தேதி, கேட் தேதி, ஜி.ஆர்.என். தேதி, பில்லுக்குப் பணம் போன தேதி என்று நான்கையும் போட்டு வாட்ஸப்பிலாவது அனுப்புங்கள். தப்பு இருந்தால் புதன்கிழமைக்குள் சொல்லச் சொல்லுங்கள். டி.சி. நகல் அவர்களிடம் இருக்கிறது.